தேயிலைப் படத்துக்கு ப்ரொம்ப்ட் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் கடைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கச்சிகளுக்காக இந்த ஒரு பக்கம். ப்ரொம்ப்ட் என்பது, படம் வரையும் ஏஐ கருவிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் விவரம்.

எல்லாரும் முதலில் செய்யும் தவறு, "அழகான, தரமான சிலோன் டீ" என்று எழுதுவது. அதில் வரைவதற்கு எதுவுமே இல்லை. அதனால் கருவி தான் அதிகம் பார்த்ததை வரைந்துவிடும்: பச்சைக் கொழுந்து, கடும் சிவப்பில் ஒரு கப். நாம் விற்பது நுவரெலியா பிஓபி ரகத் தேயிலை. தூள் உடைந்த சிறு இலையாக, கறுப்பாக இருக்கும். சாயம் இளம் பொன்னிறம். அப்படிக் கடும் சிவப்பாக ஒரு படம் போட்டபோது, பக்கட்டை வாங்கிய ஒரு அக்கா போன் எடுத்து, "வேற தேயிலையை மாத்தி அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டார். பிழை நம்முடையதுதான்.

ஆகவே எழுதும் முன் ஒரு கரண்டி தூளை வெள்ளைச் சோசரில் கொட்டுங்கள், ஒரு பிளேன்டீ ஊற்றுங்கள். கண்ணில் படுவதை அப்படியே எழுதுங்கள்:

```
small broken black tea leaves on a white saucer,
clear glass of light golden plain tea,
wooden table, soft window light from the left
```

"பால் வேண்டாம்" என்று இதில் சேர்க்காதீர்கள். பால் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பாலையே வரைந்துவிடும் கருவிகள் உண்டு. இருக்க வேண்டியதை மட்டும் சொல்லுங்கள்.

பக்கட்டை மட்டும் கருவியிடம் வரையச் சொல்லவே கூடாது. தமிழ், சிங்கள எழுத்துகள் குலைந்து வரலாம். இல்லாத நிறையும் திகதியும் லேபலில் ஏறிவிடலாம், அது வாங்குபவரை ஏமாற்றுவதாகிவிடும். உண்மையான பக்கட்டைப் போனில் படம் எடுத்து, பின்னணியை மட்டும் கருவியில் செய்யுங்கள்.

சரி, படம் வந்துவிட்டது. முதல் படம் நன்றாக இருக்கிறதென்று நிறுத்திவிடாதீர்கள். அதே ப்ரொம்ப்டுக்கு ஒவ்வொரு தடவையும் வேறு படம் வரும். நான்கு எடுத்து, மூன்றிலாவது இலையும் சாயமும் சரியாக இருந்தால்தான் நம்புங்கள். சரிவராவிட்டால் ஒரு தடவைக்கு ஒரு சொல்லை மட்டும் மாற்றுங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. சாயத்தை ஒப்பிடும்போது கிளாசை ஜன்னலோரம் கொண்டுபோங்கள். மூடுபனி நாளில் கடையின் மஞ்சள் பல்புக்குக் கீழே பார்த்தால் சாயம் சிவந்து தெரியும்.

கடைசித் தவறு, படத்தை மட்டும் சேமிப்பது. அடுத்த மாதம் 200 கிராம் பக்கட்டுக்கு அதே மாதிரிப் படம் கேட்டால் கையில் ஒன்றும் இருக்காது. நம் ஷீட்டில் ஒரு வரியில் முழு ப்ரொம்ப்ட், கருவியின் பெயர், அதன் பதிப்பு, படத்தின் அளவு, திகதி எல்லாவற்றையும் போடுங்கள். கருவி படத்தை வரையத் தொடங்கும் எண்ணான `seed` திரையில் காட்டினால் அதையும் எழுதுங்கள். பதிப்பு மாறினால் அதே எண்ணுக்கும் படம் மாறிவிடும், அதனால்தான் இரண்டும் வேண்டும். சரிவராத ப்ரொம்ப்டையும் அழிக்காமல், பக்கத்தில் "இலை பச்சையாக வந்தது" என்று காரணத்தை எழுதி வையுங்கள். படத்தின் பெயர் `bop-400g-v3` என்ற மாதிரி இருக்கட்டும், ஷீட்டிலும் அதே பெயர்.