குறுகிய பலகையில் ‘மலைப்பூண்டு’: அடுக்குவதா, திருப்புவதா?

கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறையில் பூண்டுக் கடை வைத்திருக்கும் என் சித்தப்பாவுக்காக, 15 செ.மீ. அகலமும் 120 செ.மீ. உயரமும் கொண்ட பலகை ஒன்றை இன்க்ஸ்கேப் மென்பொருளில் வடிவமைத்தேன். முதல் அச்சு வீணானது. அதிலிருந்து கற்றதை இங்கே எழுதுகிறேன்.

எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்க, முதலில் சொல்லைப் பிரிக்க வேண்டும். ‘மலைப்பூண்டு’ என்பதைக் கணினி 11 குறியீடுகளாகச் சேமிக்கிறது. ஆனால் கண்ணுக்கு ம, லை, ப், பூ, ண், டு என ஆறே எழுத்துகள். அச்சகத்தில் குறியீடு குறியீடாக வரி பிரித்துவிட்டதால், ‘ல’ ஒரு வரியிலும் அதன் ஐகாரக் குறி, புள்ளிகளாலான ஒரு வட்டத்தைச் சுமந்துகொண்டு, அடுத்த வரியிலும் விழுந்தன. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அந்த வட்டம் வராது. குறி மட்டும் தனியாக மேல் வரியில் நின்றுவிடும் என்பதால் பிழை எளிதில் கண்ணில் படாது. ஆகவே யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு முழு எழுத்துக்கும் பிறகு நீங்களே என்டர் தட்டுங்கள்.

அடுத்தது இடைவெளி. என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். பூ என்னும் எழுத்தின் வால் கீழே இறங்குகிறது. அதற்கு அடியில் வரும் ண் தன் புள்ளியை மேலே தூக்கி வைத்திருக்கிறது. எல்லா வரிகளுக்கும் ஒரே இடைவெளி கொடுத்தால் இவ்விரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது புள்ளியில்லாத ‘ண’வாகத் தெரிகிறது. மொத்த இடைவெளியைக் கூட்டினாலோ மற்ற எழுத்துகள் சிதறி, சொல் உதிரியாகிவிடுகிறது. அந்த ஒரு வரியை மட்டும் கையால் கீழே இறக்குவதே சரி.

இவ்வளவு செய்தும் எழுத்து சிறியதாகவே இருந்தது. அடுக்கும்போது மிக அகலமான எழுத்துதான் அளவை முடிவு செய்கிறது. ஓரம் போக 12 செ.மீ. மிஞ்சியது; நான் எடுத்த எழுத்துருவில் ‘லை’யின் அகலம் அதன் உயரத்தைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்பதால், எழுத்தின் உயரம் 5 செ.மீ.யைத் தாண்டவில்லை. சொல்லை ஒரே வரியாக அடித்து, Object → Rotate 90° CW என்று திருப்பியபோது, புள்ளிக்கும் வாலுக்கும் இடம் விட்டும் 7 செ.மீ. கிடைத்தது. மேலும், திருப்பிய சொல்லில் எழுத்துகளின் வரிசை குலைவதில்லை. தலையைச் சற்றுச் சாய்த்தால் முழுச் சொல்லும் ஒரே பார்வையில் பிடிபடுகிறது. அடுக்கிய சொல்லையோ எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வேண்டும். மூடுபனிக்குள் பேருந்தில் கடப்பவருக்கு அதற்கு நேரம் போதாது. ‘பழம்’ போன்ற மூன்றெழுத்துச் சொல்லை மட்டுமே நான் அடுக்குவேன்.

புத்தக முதுகுக்கும் இதே திருப்பம் பொருந்தும்: மேலிருந்து கீழாக ஓடும் தலைப்பு, புத்தகத்தை அட்டை மேலே தெரியும்படி மேசையில் கிடத்தினால் நேராக நிற்கும்.

பிற்சேர்க்கை: ‘ஸ்ரீ’ பிரிந்துவிடுவதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். தானாக எழுத்துப் பிரிக்கும் கருவிகள் பல, புள்ளி வந்ததும் வெட்டிவிடுகின்றன. ஸ்ரீ, க்ஷ இரண்டையும் ஒரே வரியில் கையால் சேர்த்து வையுங்கள்.