ஆட்டுக்குக் காதடியில் கட்டியா? தானாக உடைய விடாதீர்கள்

எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் ஆட்டுக்குக் கழுத்திலோ தாடையிலோ கட்டி வந்தால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "தானா உடைஞ்சிடும், விடு." உடைவது உண்மைதான். ஆனால் அது உடைகிற இடம் தீவனத் தொட்டியாகவோ, தெருவிளக்குக் கம்பமாகவோ, பக்கத்து வீட்டு ஆடு உரசுகிற சுவராகவோ இருக்கும். நோய் பரவுவதே அந்தச் சீழ் வழியாகத்தான். அதனால் கட்டியைக் கீறுவதை வைத்தியம் என்பதைவிட, சீழை நம் கைக்குள் பிடித்து அழிக்கிற வேலை என்றே நினைத்துச் செய்யுங்கள்.

இந்த நோய்க்குக் கேசியஸ் லிம்ஃபடினைட்டிஸ் என்று பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக சி.எல்.ஏ. என்பார்கள். கோரினிபாக்டீரியம் சூடோடியூபர்குலோசிஸ் என்ற கிருமி சின்னச் சிராய்ப்பு வழியாக நுழைந்து, பக்கத்தில் இருக்கிற நெறியில் போய் உட்கார்ந்து சீழ் பிடிக்க வைக்கிறது. காதடி, தாடைக்குக் கீழே, தோள்பட்டைக்கு முன்னால், தொடைக்கு முன்னால் உள்ள மடிப்பு, மடிக்குப் பின்னால் என்று நெறி இருக்கிற இடங்களில்தான் கட்டி வரும். சீழைச் சுற்றித் தடித்த சுவர் எழும்பிவிடுவதால் ஊசி மருந்து உள்ளே சரியாகப் போய்ச் சேராது. மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொண்டே இருப்பது வீண் செலவு.

முதலில்: அது சி.எல்.ஏ. கட்டிதானா?

தாடைக்குக் கீழே தொளதொளவென்று, காலையில் குறைந்து மாலையில் கூடுகிற வீக்கம் என்றால் பெரும்பாலும் குடற்புழு. அதைக் கீறவே கூடாது. தடுப்பூசி போட்ட இடத்தில் எழும்புகிற முடிச்சும் வேறு. எங்கள் பெட்டையாடு ஒன்றுக்கு இடது காதடியில் எலுமிச்சை அளவில் கட்டி வந்தபோது, வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். மருத்துவர் தடித்த ஊசியால் கொஞ்சம் உறிஞ்சிப் பார்த்தார். வெளிர் பச்சை கலந்த வெள்ளையில் கெட்டியான சீழ், நாற்றமே இல்லை. அதுதான் அடையாளம். மெல்லிய ஊசியில் இந்தச் சீழ் ஏறாது, ஒன்றும் வராததைப் பார்த்து சீழ் இல்லை என்று முடிவு கட்டிவிடுவோம். முதல் கட்டி என்றால் இப்படிக் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

எப்போது கீறுவது? இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள்

கட்டி பெரிதாகிவிட்டது என்பதற்காகக் கீறக்கூடாது, பழுக்க வேண்டும். கல் மாதிரி இருக்கும்போது கீறினால் ரத்தம்தான் வரும், சீழ் உள்ளேயே நிற்கும். விட்டுவிட்டால் நாம் பார்க்காத நேரத்தில் உடையும். அதனால் கட்டி தெரிந்த அன்றே ஆட்டைத் தனியாகக் கட்டிவிட்டு, தினமும் விரலால் தொட்டுப் பாருங்கள்.

எங்கள் ஆட்டுக்குப் பல நாள் கட்டி முழுக்க ஒரே கெட்டியாக இருந்தது. அப்புறம் நடுவில் ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு விரல் அமுங்கியது. அந்த இடத்தில் முடி லேசாக இழுத்தாலே கையோடு வந்தது. அடியில் தோல் பளபளவென்று மெலிந்து, இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. முடி உதிர்வது, தோல் மெலிவது, விரல் அமுங்குவது மூன்றும் சேர்ந்தால் கட்டி பழுத்துவிட்டது. அன்றே அல்லது மறுநாளே கீறிவிட வேண்டும்.

காதடியில் முகத்து நரம்பும் பெரிய ரத்தக்குழாய்களும் ஓடுகின்றன. தொண்டைப் பக்கம் ஆழமாக இருக்கிற கட்டி, மடிக் கட்டி, பழுக்காமலே மூச்சை அடைக்கிற கட்டி எல்லாம் மருத்துவர் கை வைக்க வேண்டியவை. நாம் தொடுவது தோலுக்கு அடியிலேயே பழுத்து நிற்கிற கட்டியை மட்டும்தான்.

கீறும் முறை

மற்ற ஆடுகள் வராத, சிமெண்ட் தரை உள்ள இடமாகப் பாருங்கள். தரையில் பிளாஸ்டிக் ஷீட், அதன் மேல் பழைய செய்தித்தாள் கனமாக விரியுங்கள். கிருமி மனிதருக்கும் தொற்றும், நமக்கும் நெறி கட்டும். அதனால் இரண்டு ஜோடி கையுறை, முகக்கவசம், கண்ணாடி கட்டாயம். கையில் வெட்டுக்காயம் இருப்பவர் அன்று ஆட்டைப் பிடிக்கக்கூட வேண்டாம்.

முடியை மழித்து, போவிடோன் அயோடின் தடவுங்கள். ஷேவிங் பிளேடு வேண்டாம், வழுக்கும். மருந்துக் கடையில் கிடைக்கிற, உறை பிரிக்காத சர்ஜிக்கல் பிளேடுதான் என் தேர்வு. மெலிந்த தோலில், கட்டியின் கீழ் ஓரத்தை ஒட்டி, மேலிருந்து கீழாக இரண்டு சென்டிமீட்டருக்குக் கீறுங்கள். தோல் ஆழம் போதும். கீழ் ஓரத்தில் கீறினால்தான் மிச்சச் சீழ் தானாக வடியும். சின்னத் துளையாகப் போட்டால் இரண்டே நாளில் மூடிக்கொண்டு மறுபடியும் சீழ் கட்டும். அழுத்தத்தில் சீழ் பீய்ச்சும், முகத்தை நேராக வைக்காதீர்கள்.

சீழை நேராக ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வாங்குங்கள். வலுவாகப் பிதுக்காதீர்கள், சுவர் உட்பக்கம் உடைந்தால் கிருமி உடம்புக்குள் போகும். கையுறை விரலில் துணி சுற்றி, உள்ளே ஒட்டியிருப்பதை மெதுவாக வழித்தெடுங்கள். பிறகு ஒரு பங்கு போவிடோன் அயோடினுக்குப் பத்துப் பங்கு கொதித்து ஆறிய நீர் கலந்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் சுத்தமாக வரும்வரை கழுவுங்கள். வழியும் நீரும் செய்தித்தாளில்தான் விழ வேண்டும். தினமும் ஒரு முறை இதே கழுவல், காயத்தைச் சுற்றி ஈ உட்காராமலிருக்க வேப்பெண்ணெய். கட்டிக்குள் ஃபார்மலின் ஏற்றுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. பாலிலும் கறியிலும் விஷம் தங்கும், செய்யாதீர்கள்.

சீழ் எங்கே போகிறது?

மழைநீர் வடிகாலில் ஊற்றக் கூடாது. மழைக்காலத்தில் எங்கள் தெருக்களில் அதே தண்ணீர் திரும்பி வாசலுக்கு வரும். குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள், ஆடும் நாயும் கிளறும். நிலத்தடி நீர் மேலேயே இருக்கிற பகுதி என்பதால் இங்கே புதைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. பழைய எண்ணெய் டின்னில் விறகு போட்டு நன்றாக எரியவிட்டு, சீழ், பஞ்சு, செய்தித்தாள் எல்லாவற்றையும் சாம்பலாகும்வரை எரிப்பதுதான் வழி. பிளாஸ்டிக் பை, ஷீட், கையுறைகளைப் பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து, முடிச்சுப் போட்டுத் தனியாக அப்புறப்படுத்துங்கள். பிளேடை மூடி போட்ட பாட்டிலில் சேர்த்து வைத்து மருத்துவமனையில் கொடுங்கள்.

சீழ் பட்ட மண்ணில் இந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தரையில் சிந்தியிருந்தால் முதலில் வழித்தெடுத்து சோப்பு நீரால் தேய்த்துக் கழுவுங்கள். அதன்பிறகு லிட்டருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். அழுக்கின் மேலேயே ஊற்றினால் பிளீச்சிங் வேலை செய்யாது. மண்தரை என்றால் சீழ் பட்ட மண்ணை ஒரு சாண் ஆழம் சுரண்டி எடுத்து அதே டின்னில் சுட்டுவிடுங்கள்.

மந்தையில் பரவாமல்

காயம் முழுக்க ஆறி, பொருக்கு உதிரும்வரை அந்த ஆடு தனிதான். மூன்று நான்கு வாரம் ஆகும். தொட்டி, வாளி, கழுத்துக் கயிறு எல்லாம் தனி. கடைசியாக அதற்குத் தீவனம் வைத்துவிட்டு, கைகால் கழுவுங்கள். தொழுவத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற ஆணி, கம்பி முனைகளை எடுத்துவிடுங்கள், கிருமிக்கு வாசல் திறப்பது அவைதான். செம்மறிக்கு ரோமம் கத்தரிக்கும்போது கட்டி உள்ளதைக் கடைசியில் விட்டு, கத்தரியைக் கழுவுங்கள். மாதம் ஒருமுறை எல்லா ஆட்டுக்கும் நெறி இடங்களை இரண்டு பக்கமும் தடவிப் பாருங்கள்.

கீறி ஆறியதும் நோய் போய்விட்டது என்று இல்லை. நுரையீரலிலும் ஈரலிலும் கட்டி இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆடு தின்றும் இளைக்கும், விடாமல் இருமும். மறுபடி மறுபடி கட்டி வருகிற ஆட்டை இனப்பெருக்கத்துக்கு வைக்காதீர்கள், அடுத்தவர் மந்தைக்கும் விற்காதீர்கள்.

பின்சேர்க்கை: பக்ரீத்துக்கு வாங்கிய கிடாவை எத்தனை நாள் தனியாகக் கட்டுவது என்று ஒருவர் கேட்டிருந்தார். கிருமி நுழைந்து கட்டி தெரிய இரண்டு முதல் ஆறு மாதம்கூட ஆகலாம். பண்டிகைக்கு மட்டும் என்றால் அறுக்கும்வரை தனியாகவே கட்டுங்கள். வளர்க்க வாங்கியதென்றால் குறைந்தது இரண்டு மாதம் தனி இடம், தனி தொட்டி. அப்படியும் மந்தையில் சேர்த்த பிறகு நெறி தடவிப் பார்ப்பதை நிறுத்தக் கூடாது.