ஒரு அமைப்புக்கு ஒரே ஒரு உபரி உறுப்பு கிடைத்தால் எதற்குப் போடுவது?

தொடர் இணைப்பில் எல்லா உறுப்பும் ஓடினால்தான் அமைப்பு ஓடும். அதனால் ஒவ்வொன்றும் பழுதாகாமல் ஓடும் வாய்ப்பை, அதாவது நம்பகத்தன்மையை, ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். பம்பு 0.9, கட்டுப்பாட்டுப் பலகை 0.8 என்றால் மொத்தம் 0.72. இரண்டில் மோசமானதைவிடவும் குறைவு!

சரி, ஒன்றுக்கு மட்டும் இணையாக இன்னொன்று வைக்கலாம் என்றால்? இரண்டில் ஒன்று ஓடினாலே போதும் என்பதால், இங்கே பெருக்க வேண்டியது பழுதாகும் வாய்ப்புகளை. பலகையை இரட்டித்தால் அது 1 − 0.2 × 0.2 = 0.96 ஆகும், மொத்தம் 0.9 × 0.96 = 0.864. பம்பை இரட்டித்தாலோ 0.99 × 0.8 = 0.792தான். உபரியைப் பலவீனமான பலகைக்கே போடுங்கள்.

ஆனால் இரண்டு பலகைகளுக்கும் ஒரே மின்கம்பி என்றால் அந்த 0.96 வெறும் காகிதக் கணக்கு. கம்பி போனால் இரண்டும் சேர்ந்தே படுத்துவிடும். கம்பியையும் தொடரில் தனி உறுப்பாகச் சேருங்கள்: அது 0.95 என்றால் மொத்தம் சுமார் 0.82.