மயக்க மருந்தைக் குறைக்கும்போது நேரும் தவறுகள்: குழந்தைகள் ஐ.சி.யூ.வுக்குப் பின்

வென்டிலேட்டர் குழாயை எடுத்தாயிற்று, பிள்ளை கண்ணைத் திறந்து பார்க்கிறது, இனி மயக்க மருந்து எதற்கு என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துவதுதான் முதல் தவறு. வலிநீக்கியான ஃபென்டானிலும் தூக்க மருந்தான மிடாசோலமும் ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்து ஏறியிருந்தால், உடல் அவற்றுக்குப் பழகிப்போயிருக்கும். திடீரென நிறுத்தினால் அழுகை, நடுக்கம், வியர்வை, வாந்தி, வயிற்றுப்போக்கு என்று உடல் எதிர்வினை காட்டும். இதைத்தான் விலகல் என்கிறோம். 'பிள்ளை போதைக்கு அடிமையாகிவிட்டதா?' என்று பெற்றோர் கேட்பது சகஜம். இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மருந்தைத் தேடும் மனப்பழக்கம் இதில் கிடையாது, உடலின் பழக்கம் மட்டுமே.

கடும் நிமோனியாவோடு ஒன்பது நாள் வென்டிலேட்டரில் இருந்த 10 கிலோ குழந்தையை எடுத்துக்கொள்வோம். ஃபென்டானில் மணிக்கு 20 மைக்ரோகிராம், மிடாசோலம் மணிக்கு 1 மில்லிகிராம். இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு படியிலும் 10 முதல் 20 சதவீதம் குறைப்பது வழக்கம். கணக்கு பிசகுவது இங்கேதான். சதவீதத்தைத் தொடக்க அளவிலிருந்து எடுக்க வேண்டும். 20 சதவீதம் என்றால் ஒரு படிக்கு 4 மைக்ரோகிராம்: 20, 16, 12, 8, 4, பிறகு நிறுத்தம். ஒவ்வொரு நாளும் அன்றைய அளவில் 20 சதவீதம் என்று போட்டால் 16, 12.8, 10.2 என்று இழுத்துக்கொண்டே போகும். ஐந்தாம் படி முடிந்த பிறகும் ஆறரை மைக்ரோகிராம் மீதி நிற்கும். பொறுமையிழந்த யாராவது அதை ஒரே வெட்டாக நிறுத்துவார்கள், பிள்ளை அன்றிரவே தவிக்கும்.

இரண்டு மருந்தையும் ஒரே நாளில் குறைப்பது அடுத்த தவறு. அறிகுறி வந்தால் எதனால் வந்தது என்று தெரியாமல் போகும். இன்று ஃபென்டானில், நாளை மிடாசோலம் என்று மாற்றி மாற்றிக் குறைத்தால் இந்தப் பிள்ளைக்கு ஏறத்தாழ பத்து நாளில் முடியும். இடையில் மாத்திரைக்கு, அதாவது அதே வகை மருந்துகளான வாய்வழி மார்ஃபினுக்கும் லோரசெபாமுக்கும் மாற்றினாலும் இதே விதிதான்.

விலகல் எவ்வளவு என்று மதிப்பெண் போட வாட்-1 அட்டவணை உண்டு. குறைக்கத் தொடங்கும் நாளிலிருந்து தினமும் இருமுறை போட வேண்டும். கடந்த 12 மணி நேரப் பதிவில் வயிற்றுப்போக்கு, வாந்தி, 37.8 டிகிரிக்கு மேல் காய்ச்சல் ஆகியவற்றைப் பார்க்கிறோம். பிறகு பிள்ளையைத் தொடாமல் இரண்டு நிமிடம் கவனிக்கிறோம்: தவிப்பு, நடுக்கம், வியர்வை, தாறுமாறான அசைவு, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை கொட்டாவி அல்லது தும்மல். அதன்பின் பெயர் சொல்லி அழைத்து, மெதுவாகத் தொட்டு, திடுக்கிடலையும் தசை இறுக்கத்தையும் பார்க்கிறோம். கடைசியாக, பிள்ளை மீண்டும் அமைதியடைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பது: 2 முதல் 5 நிமிடம் என்றால் 1, அதற்கு மேல் 2. மொத்தம் 12-க்குக் கணக்கு. 3 அல்லது அதற்கு மேல் வந்தால் விலகல் அறிகுறி என்று எண்ண வேண்டும்.

நம் பிள்ளைக்கு மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு 1, தவிப்பு 1, வியர்வை 1, தும்மல் 1, அமைதியடைய மூன்று நிமிடம் பிடித்ததால் 1, ஆக 5. இங்கே வியர்வைக்கு ஒரு எச்சரிக்கை. நாகர்கோவில் பக்கத்துப் புழுக்கத்தில் மின்சாரம் போன வார்டில் எந்தப் பிள்ளைக்கும் வியர்க்கும், அதற்கு மதிப்பெண் கிடையாது. சளி உறிஞ்சிய உடனே, பிள்ளை இன்னும் அழும்போது, தொடாமல் கவனிக்கும் பகுதியைப் போடுவதும் தவறு. தசைத்தளர்ச்சி மருந்து ஓடும்போது அட்டவணையே செல்லாது.

5 வந்ததும் உடனே மருந்தைக் கூட்டுவதும் அவசரப்படுவதுதான். வலி, மூச்சுத் திணறல், சிறுநீர் அடைப்பு, புதுத் தொற்று ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். அவை இல்லையென்றால் அன்றைய குறைப்பை நிறுத்திவைத்து, தேவைக்கு ஒரு கூடுதல் டோஸ் கொடுக்கலாம். அது திரும்பத் திரும்பத் தேவைப்பட்டால் முந்தைய படிக்குத் திரும்பி 24 மணி நேரம் அங்கேயே நிற்க வேண்டும். 'மருந்து அதிகமாயிற்றோ' என்று ஃபென்டானிலை முறிக்கும் நலோக்சோனைப் போட்டுப் பார்க்கக் கூடாது. பழகிய உடலில் அது விலகலைக் கடுமையாக்கும். மிடாசோலத்தை முறிக்கும் ஃப்ளூமசெனில் வலிப்பையே வரவழைக்கலாம்.

நம் குமரி மாவட்டத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. பல பிள்ளைகள் திருவனந்தபுரத்தில் சிகிச்சை முடித்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, மார்த்தாண்டம் பக்கத்து மருத்துவமனைக்கோ திரும்புகிறார்கள். கையில் வரும் சுருக்கத்தில் தற்போதைய அளவு மட்டும் இருந்தால், சதவீதம் எதிலிருந்து எடுப்பது என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியாது. தொடக்க அளவு, இன்றைய அளவு, அடுத்த குறைப்பு எந்தத் தேதி எந்த மருந்தில், கடைசி இரு மதிப்பெண்கள், இவை ஒரே தாளில் இருக்க வேண்டும். பெற்றோரே அதைக் கேட்டு வாங்கலாம். கடைசி டோஸ் முடிந்ததோடு மதிப்பெண்ணையும் நிறுத்திவிடக் கூடாது, அதன்பின் 72 மணி நேரம் தொடர வேண்டும். மிடாசோலத்தின் விலகல் சில பிள்ளைகளுக்கு ஒரு நாள் கழித்துத்தான் தலைகாட்டும்.