அம்மாவின் கிளெய்மை மறுத்த கடிதத்துக்கு நான் எழுதிய பதில்

கல்முனையில் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஒப்பரேஷன் நடந்தது. காப்புறுதிப் பணம் தர முடியாது என்று கடிதம் வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் கோபம். கடிதத்தைப் போட்டோகொப்பி எடுத்து, ஒவ்வொரு காரணத்துக்கும் பக்கத்தில் இலக்கம் போட்டேன். இரண்டு காரணங்கள்தான் இருந்தன.

முதலாவது, 'பொலிசி எடுக்க முன்பே இருந்த நோய்'. எதை வைத்துச் சொல்கிறார்கள்? டயக்னோசிஸ் கார்டில் வயிற்றுவலி 2/12 என்று இருந்தது. அதை 2012 பெப்ரவரி என்று எடுத்திருக்கிறார்கள். வைத்தியர்கள் எழுதும் முறையில் அது இரண்டு மாதம். 2/7 என்றால் இரண்டு நாள், 2/52 என்றால் இரண்டு வாரம். சத்திரசிகிச்சை செய்த டொக்டரிடமே அதை விளக்கி ஒரு கடிதம் வாங்கினேன். கல்லை முதன்முதலாகக் காட்டிய ஸ்கேன் அறிக்கையும் வைத்தேன்.

இரண்டாவது, விண்ணப்பம் பிந்தியது. அம்மாவை ஆஸ்பத்திரியில் அனுமதித்த நாளிலிருந்து அவர்கள் எண்ணியிருந்தார்கள். பொலிசியில் அந்தப் பிரிவைத் தேடிப் பார்த்தால், வீடு திரும்பிய நாளிலிருந்து என்றுதான் இருக்கிறது. அந்த வரியை அப்படியே எடுத்து எழுதினேன்.

பதிலிலும் அதே இலக்கங்கள்: அவர்கள் சொன்னது, என் விடை, இணைப்பு. அம்மா பட்ட கஷ்டத்தை எழுதவில்லை, அது எந்தக் காரணத்துக்கும் விடையல்ல. அம்மாவின் கையொப்பத்தோடு பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரப்படுத்தினேன். மறுபடியும் மறுத்தால், காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் போக இதே கட்டு உதவும் என்று வைத்திருந்தேன். தேவைப்படவில்லை, பணம் வந்தது.