பெரிய வாடிக்கையாளருக்குக் காலாண்டுச் சுருக்கம் எழுதுவது எப்படி?

புதிதாக எழுதுபவர்கள் நேராக ஸ்லைடைத் திறந்துவிடுவார்கள். அது வேண்டாம், முதலில் ஒப்பந்தத்தை எடுங்கள். அதில் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறீர்களோ அதுதான் முதல் வரி.

ஒரு கற்பனைக் கணக்கு: சிங்கப்பூரில் துவாஸில் கிடங்கு வைத்திருக்கும் டெலிவரி நிறுவனம், வாடிக்கையாளர் ஒரு சூப்பர்மார்க்கெட். ஒப்பந்தப்படி 97 சதவீதம் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை 480 டெலிவரியில் 18 தாமதம், ஆக 96.25 சதவீதம்.

அடுத்து, நேரத்தை யார் எங்கே அளக்கிறார்கள் என்று பாருங்கள். சண்டை பெரும்பாலும் இங்கேதான் வரும். உங்கள் ஜிபிஎஸ் லாரி வாசலுக்கு வந்த நேரத்தைச் சொல்லும், அவர்களோ டெலிவரி ஆர்டரில் கையெழுத்துப் போட்ட நேரத்தைப் பார்ப்பார்கள், நடுவில் சரக்கு இறக்கும் இடத்தில் வரிசையில் நின்ற நாற்பது நிமிடம் யார் கணக்கு என்பதுதான் கேள்வி. அதனால் எழுதுவதற்கு முன்பே அவர்கள் பட்டியலை வாங்கி வரிக்கு வரி ஒப்பிட்டுவிடுங்கள்.

நம் கணக்கில் 18 தாமதத்தில் 11, ஜூரோங் கடையில் காலை நேரத்து வரிசையால் வந்தவை. மீதி 7 சீனப் புத்தாண்டு வாரத்தில் ஓட்டுநர் பற்றாக்குறையால். அந்த 11-ஐக் கழித்துவிட்டு 98.5 என்று போட ஆசை வரும். போடாதீர்கள், அவர்கள் கையில் முழுப் பட்டியலும் இருக்கிறது. 96.25 என்றே போட்டு, காரணத்தைக் கீழே பிரித்துக் காட்டுங்கள்.

சரி, நிலுவைப் பிரச்சினைகள். "கவனித்து வருகிறோம்" என்பது யாருக்கும் உதவாத வாக்கியம். என்ன நிற்கிறது, யார் செய்ய வேண்டும், எப்போதுக்குள் என்ற மூன்றும் வேண்டும். அவர்கள் பக்கத்து வேலை என்றால் குற்றம் சொல்லாமல் கேளுங்கள்:

"ஜூரோங் கடையில் காலை 7 முதல் 9 வரை எங்கள் லாரிக்கு ஒரு நேர ஒதுக்கீடு வேண்டும். ஏப்ரல் 20-க்குள் உங்கள் கடை மேலாளர் உறுதி செய்தால், மே முதல் வாரத்தில் தொடங்கலாம்."

திட்டங்கள் பகுதி சின்னதாக இருக்கட்டும். நிலுவையிலிருந்து பிறந்தவை மட்டும் போதும்: பண்டிகை வாரங்களுக்கு முன்கூட்டியே கூடுதல் ஓட்டுநர் ஏற்பாடு, ஜூரோங் தாமதம் 11-லிருந்து 3-க்குக் கீழே. உங்கள் புதுச் சேவை விளம்பரத்தை இங்கே நுழைத்தால் மேலே எழுதியதையும் விற்பனைப் பேச்சாகத்தான் படிப்பார்கள்.

அப்புறம் ஒன்று. எழுதி முடித்ததும் வாடிக்கையாளரின் உயரதிகாரிக்கு அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்பே, தினமும் உங்களோடு பேசும் அந்தப் பக்கத்து ஆளுக்கு வரைவைக் காட்டிவிடுங்கள். ஜூரோங் வரிசை விஷயம் தன் மேலதிகாரி முன்னால்தான் முதன்முதலாகத் தெரிய வந்தால், அவர் உங்கள் எண்ணை எதிர்த்துத்தான் பேசுவார்.