பாராஃப்ரேஸை திருத்தும்போது பண்ணக்கூடாத தப்புகள்

தீசிஸ் டிராஃப்ட் படிச்சு திருத்திக் குடுக்குறது என் வேலை. ஆரம்பத்துல நாங்கெல்லாம் பண்ணின அதே தப்பையே இப்ப புதுசா வர்ற ஸ்காலர்ஸும் பண்றதப் பாக்குறேன், அதான் எழுதுறேன். காப்பி பேஸ்ட் பண்ணக்கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும், அத விட்டுடலாம்.

புத்தகத்த தொறந்து வச்சுக்கிட்டே வார்த்தைய மட்டும் மாத்துறது

எனக்கு இன்னிக்கும் எரிச்சல் வர்றது இதுலதான். "ரொம்ப ஒட்டி இருக்கு, திருத்துங்க"ன்னு குறிப்பு போட்டு அனுப்பினா, அதே வரிகள்ல இன்னும் நாலு வார்த்தைய மாத்திட்டு திரும்ப அனுப்புறாங்க. விளக்கத்துக்காக நானே ஒரு மூலப் பத்தி எழுதுறேன், பாருங்க:

"கிணற்றுப் பாசனம் பரவியபின், சொந்தக் கிணறு வைத்திருந்த விவசாயிகள் ஏரிப் பராமரிப்பில் அக்கறை இழந்தனர். இதனால் வரத்துக் கால்வாய்கள் தூர்ந்தன. ஏரியில் நீர் குறைய, கிணறு இல்லாத சிறு விவசாயிகளே அதிகம் பாதிக்கப்பட்டனர்."

திருத்தினதா வர்றது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"கிணற்று நீர்ப்பாசனம் பெருகிய பிறகு, தனிக் கிணறு உடைய உழவர்கள் ஏரி பராமரிப்பில் பங்கேற்க மறுத்தனர். ஆகவே நீர்வழிகள் வறண்டன. ஏரி நீர் குறைந்ததால் கிணறற்ற சிறு உழவர்களே பெரிதும் துன்புற்றனர்."

அதே மூணு வாக்கியம், அதே வரிசை, காரணம் விளைவு எல்லாம் அதே இடத்துல. அது மட்டும் இல்ல, தகவலும் கெட்டுப்போச்சு. தூர்ந்துச்சுன்னா மண்ணு சேந்து மேடாயிடுச்சுன்னு அர்த்தம், வறண்டுச்சுன்னா தண்ணி இல்லன்னு அர்த்தம், ரெண்டும் வேற வேற. அக்கறை போச்சுன்னு ஆசிரியர் சொன்னத இவரு மறுத்தாங்கன்னு ஆக்கிட்டாரு, இப்ப இதுக்கு அந்த ஆசிரியர் பேர அடைப்புக்குறிக்குள்ள போட்டா அவர் சொல்லாதத அவர் தலைல கட்டுற மாதிரி ஆகுது.

நான் பண்ணச் சொல்றது இது. மூலத்த ரெண்டு தடவ படிச்சுட்டு மூடுங்க. உங்க அத்தியாயத்தோட கேள்விக்கு இதுல என்ன கிடைச்சுதுன்னு பேச்சு வழக்குலயே ரெண்டு வரி குறிப்பு எழுதுங்க, "பராமரிப்ப விட்டது கிணறு இருந்தவங்க, அடி வாங்கினது கிணறு இல்லாதவங்க"ன்னு. அந்தக் குறிப்ப மட்டும் பாத்து எழுதுங்க. உங்க கேள்வி சிறு விவசாயிகளப் பத்தின்னா பத்தி அவங்ககிட்டதான ஆரம்பிக்கணும்:

"ஏரிப் பாசனம் சரிந்ததில் கிணறு இல்லாத சிறு விவசாயிகளுக்கே பாதிப்பு அதிகம் என்கிறார் (ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண்). கிணறு வைத்திருந்தவர்கள் பராமரிப்பில் ஆர்வம் காட்டாமல் போனதும், அதனால் வரத்துக் கால்வாய்கள் தூர்ந்ததுமே இதற்கு அவர் காட்டும் காரணம். அப்படியானால் பராமரிப்பைக் கைவிட்டவர்களும் அதன் விலையைக் கொடுத்தவர்களும் ஒரே ஆட்கள் அல்ல என்று நான் வாதிடுகிறேன்."

எழுதி முடிச்சப்புறம்தான் மூலத்த தொறந்து பக்கத்துல வச்சு ஒப்பிடணும், தகவல் மாறலையே, அவரோட சொற்றொடர் ஏதாவது தெரியாம வந்துடுச்சா, வரிசை அதேயா இருக்கான்னு. அவர் சொன்ன விதம் அவ்வளவு நல்லா இருக்கு, மாத்த மனசு வரலன்னா மேற்கோள் குறி போட்டு அப்படியே எடுத்துக்கோங்க.

கலைச்சொல்லையும் மாத்துறது

வரத்துக் கால்வாய், குடிமராமத்து இதெல்லாம் யாரோட சொந்தச் சொல்லும் இல்ல, அப்படியே விடுங்க.

சதவீதத்த மட்டும் பாக்குறது

யூஜிசியோட 2018 விதிகள்ல மத்தவங்க எழுதினதோட 10 சதவீதம் வரைக்கும் ஒற்றுமை இருந்தா தண்டனை இல்ல, அதுக்கு மேல 40 வரைக்கும்னா 6 மாசத்துக்குள்ள திருத்திக் குடுக்கணும்னு இருக்கு. அதனால எல்லாரும் அந்த நம்பர் பின்னாடியே ஓடுறாங்க. இந்த ஒற்றுமைய கணக்குப் போடுற சாஃப்ட்வேர் முக்கியமா பாக்குறது ஒத்துப்போற சொல் தொடர்களத்தான். மேல காட்டின ரெண்டாவது பத்தி அதுல ரொம்பக் கம்மியாவே காட்டலாம், ஆனா அந்தப் புத்தகத்த படிச்ச எக்ஸாமினர் ரெண்டாவது வரியிலயே கண்டுபிடிச்சிடுவாரு. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஸ்காலர் ரிப்போர்ட்ல நம்பர் சரியா இருக்குன்னு நிம்மதியா இருந்தாரு, வைவாவுக்கு முன்னாடி ஒரு முழு அத்தியாயத்த திரும்ப எழுதச் சொல்லிட்டாங்க.

சைட்டேஷன பத்தி கடைசில ஒட்டுறது

ஆறு வரி எழுதி கடைசில ஒரே ஒரு அடைப்புக்குறி போட்டா, எது அவரோடது எது உங்களோடதுன்னு படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? கடன் வாங்குற முதல் வரியிலயே பேர சொல்லிடுங்க, அடுத்த வரியும் அவரோடதுன்னா "அவர் காட்டும் காரணம்"னு தொடருங்க, உங்க கருத்து ஆரம்பிக்கிற இடத்துல "நான் வாதிடுகிறேன்"னு வெளிப்படையா எழுதுங்க. ஏபிஏ முறைல பாராஃப்ரேஸுக்கு பக்க எண் கட்டாயம் இல்ல, ஆனாலும் போடுங்க, ஆறு மாசம் கழிச்சு கைடு கேக்கும்போது புத்தகம் முழுக்க நீங்கதான் தேடணும்.

ஒருத்தர் மேற்கோள் காட்டினத நேரா படிச்ச மாதிரி போடுறது

மூலத்த நீங்க படிக்கலன்னா படிச்ச மாதிரி போடாதீங்க, யார் வழியா தெரிஞ்சுதோ அவர் பேரயும் சேத்து சொல்லுங்க.